மொட்டைமாடியில் வேகும் தண்ணீர்

ஆகஸ்ட் மாதம், அஸர் தொழுகை நேரம். கிண்ணியாவிலிருந்து வேலைக்கென்று டோஹா போய் இறங்கிய இளைஞர் ஒருவர் வுழு செய்வதற்காகக் குழாயைத் திறக்கிறார். நீல அடையாளமிட்ட பக்கம்தான். ஆனால் கையில் விழுகிற தண்ணீர் தேநீர் போடும் அளவுக்குச் சுடுகிறது. அறையில் பத்து வருடம் பழகிய நானா கட்டிலிலிருந்தே குரல் கொடுக்கிறார்: "நீலத்தத் திறக்காத தம்பி, சிவப்பத் திற." சிவப்புப் பக்கத்தைத் திறந்தால் மிதமான தண்ணீர் வருகிறது. குளியலறை ஹீட்டரை மே மாதமே நிறுத்திவிட்டார்கள். குளிரூட்டிய அறைக்குள் தொங்கும் அந்த 50 லீட்டர் தொட்டிதான் இனி அக்டோபர் வரை அவர்களுடைய குளிர்ந்த நீர்.

வளைகுடாவில் குடியிருந்த எவருக்கும் இந்தத் தலைகீழ் வழக்கம் தெரியும். கட்டார், குவைத், சவூதி என்று போய் வந்தவர்கள் நிறைந்த கிண்ணியாவில் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஆனால் அந்த நீலக் குழாய்க்கும் சிவப்புக் குழாய்க்கும் இடையில் பாலைவன நாட்டு வீட்டுத் தண்ணீரின் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆலையிலிருந்து சுத்தமாகப் புறப்படும் தண்ணீர், வீட்டுக் கூரைக்கு ஏறிக் குழாய்க்கு இறங்கும் கடைசி இருபது முப்பது மீட்டரில்தான் கெடுகிறது. அதைக் கெடுப்பது பெரும்பாலும் வெப்பம்.

முதலில் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். கட்டாரில் குழாயில் வருவது கிட்டத்தட்ட முழுவதும் உப்பு நீக்கிய கடல்நீர். அங்கே ஆறும் இல்லை, குளமும் இல்லை. குவைத்துக்கு 1950கள் வரை ஷத்துல் அரப் ஆற்றிலிருந்து பாய்மரப் படகுகளில் குடிநீர் வந்தது. ஜித்தாவில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, உஸ்மானியர் காலத்தில், ஹஜ் பயணிகளுக்காகக் கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. அதை ஊர்மக்கள் கிந்தாஸா என்றே அழைத்தார்கள். 1950களில் குவைத் பெரிய அளவில் காய்ச்சி வடிக்கத் தொடங்கியது. மற்ற நாடுகள் பின்தொடர்ந்தன. சவூதியின் கிழக்குக் கரையில் ஜுபைலில் எடுக்கும் தண்ணீர் 400 கிலோமீட்டருக்கு மேல் பாலைவனத்தைக் கடந்து ரியாதுக்குப் போகிறது.

காய்ச்சும் முறையில் சூடாக்கிய கடல்நீரை அழுத்தம் குறைந்த அறைகளுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக விடுவார்கள். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். அந்த ஆவியைக் குளிர்வித்தால் நன்னீர். இன்னொரு முறையில், கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 25 மடங்கு அழுத்தத்தில் கடல்நீரை மெல்லிய சவ்வின் ஊடாகத் தள்ளுவார்கள். உப்பு பின்தங்கிவிடும். புதிய ஆலைகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். 2024 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தின் தாளையடியில் திறக்கப்பட்ட, நாளொன்றுக்கு 24,000 கனமீட்டர் எடுக்கும் ஆலையும், சென்னைக்குத் தண்ணீர் தரும் மீஞ்சூர், நெம்மேலி ஆலைகளும் இதே வகை. ஆகவே இது வளைகுடாவுக்கு மட்டுமே உரிய கதை அல்ல.

காய்ச்சி வடித்த தண்ணீருக்கு ஒரு குணம் உண்டு. அதில் கல்சியம் முதலான தாதுக்கள் ஏறக்குறைய எதுவுமே இல்லை. அப்படியே விட்டால் அது குழாயையும் தாங்கியையும் அரித்துத் தன் குறையை நிரப்பிக்கொள்ளும். அதனால் ஆலையிலேயே சுண்ணாம்புக் கல்லின் மேல் ஓடவிட்டோ, சிறிதளவு நிலத்தடி நீரைக் கலந்தோ அதைச் சமன்படுத்துவார்கள். கடைசியில் குளோரின் சேர்ப்பார்கள். வீட்டுக்கு வந்து சேரும் குளோரினைத்தான் கவனிக்க வேண்டும். ஏனென்றால் நீண்ட குழாய்ப் பயணத்தில் தண்ணீருக்குத் துணையாக வருவது அது ஒன்றுதான். உலக சுகாதார நிறுவனம் குழாய் முனையில் லீட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்கவேண்டும் என்கிறது.

இனி வீட்டுக்கு வருவோம். வளைகுடா வீடுகளில் தெருக்குழாய்த் தண்ணீர் நேராகச் சமையலறைக்குப் போவது அரிது. முதலில் முற்றத்தின் கீழுள்ள தாங்கி, அதிலிருந்து பம்ப், பிறகு மொட்டைமாடித் தாங்கி, அங்கிருந்து வெயிலில் கிடக்கும் குழாய்கள். நிலத்தடித் தாங்கியில் பெரிய பிரச்சினை இல்லை. மண் ஓரளவு குளிர்ச்சி. மாடிதான் அடுப்பு.

குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலை 21ஆம் திகதி வெப்பநிலை 53.9 பாகையைத் தொட்டது. அது நிழலில் அளந்தது. மாடியில் நிற்கும் தாங்கிக்கு வெயிலும் சேரும். நண்பகலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் வெயில் சுமார் ஒரு கிலோவாட் ஹீட்டருக்குச் சமம். ஆயிரம் லீட்டர் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க ஒரு அலகு மின்சாரத்தைவிடச் சற்று அதிகமாக வேண்டும். கறுப்புத் தாங்கியின் மேற்பரப்பு ஒரு சதுர மீட்டர் என்றால், நாள் முழுக்க வாங்கும் வெயில் தண்ணீரை ஐந்தாறு பாகை உயர்த்தப் போதுமானது. அதில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். ஐந்தாறு பாகைதானே என்று தோன்றலாம். ஆனால் இரவுக் காற்றே 30 பாகைக்கு மேலிருக்கும் நாட்டில் தண்ணீர் முழுதாக ஆறுவதே இல்லை. நேற்றைய சூட்டின் மேல் இன்றைய சூடு ஏறும். இப்படித்தான் தாங்கித் தண்ணீர் 40 பாகையைக் கடந்து போகிறது. வெயிலில் கிடக்கும் மெல்லிய குழாய்க்குள் நிற்கும் ஓரிரு லீட்டருக்கோ இந்தக் கணக்கே பொருந்தாது. அது இன்னும் வேகமாகக் காய்ந்து, திறந்ததும் முதலில் கையைச் சுடும்.

சூடு கையைச் சுடுவது தெரியும். குளோரினைத் தின்பது தெரியாது. தண்ணீர் பத்துப் பாகை சூடேறும்போது குளோரின் கரைந்து போகும் வேகம் குறைந்தது இரட்டிப்பாகும் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 25 பாகையில் குளோரின் பாதியாகக் குறைய ஒரு நாள் ஆகிறது என்று வைப்போம். தாங்கிக்குள் வரும்போது 0.5 மில்லிகிராம் இருந்தால், மறுநாள் 0.25 எஞ்சும். போதும். அதே தண்ணீர் 45 பாகையில் நின்றால் வேகம் நான்கு மடங்கு. ஆறு மணி நேரத்தில் பாதி, எட்டு மணி நேரத்தில் 0.2க்குக் கீழே, மறுநாள் காலை கிட்டத்தட்ட பூச்சியம். அடியில் தூசியும் சுவரில் வழவழப்பும் இருந்தால் இதைவிட வேகமாகவே போகும். காலையில் நிரப்பிய தாங்கிக்கு மாலையில் காவல் இல்லை.

காவல் போன பிறகு யார் வருகிறார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. இரண்டு பேரைத் தெரிந்திருப்பது போதும்.

ஒன்று லெஜியனெல்லா என்ற நுண்ணுயிர். 20 பாகைக்குக் கீழே அது பெருகுவதில்லை. 25 முதல் 45 வரை பெருகும். உடல் வெப்பமான 37ஐ ஒட்டி மிக நன்றாகப் பெருகும். 60 பாகையில் சில நிமிடங்களில் சாகும். இதைக் குடிப்பதால் பெரும்பாலும் ஆபத்தில்லை. ஷவரிலிருந்து தெறிக்கும் நுண்துளியை மூச்சோடு இழுத்தால்தான் நுரையீரல் காய்ச்சல் வரும். முதியவர்களுக்கும், புகைப்பவர்களுக்கும், நீரிழிவு, நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் ஆபத்து கூடுதல். ஐரோப்பாவில் எழுதிய பாதுகாப்பு விதி குளிர்நீரை 20 பாகைக்குக் கீழே வை என்கிறது. டோஹாவின் மாடியில் அந்த விதி செல்லாது. அங்கே குளிர்நீர் என்று பெயர் பெற்றதே ஆண்டில் பாதி நாள் அந்த உயிருக்குப் பிடித்த சூட்டில்தான் இருக்கிறது.

இப்போது நானா சொன்ன சிவப்புக் குழாயை மறுபடி நினைத்துப் பாருங்கள். நிறுத்திய ஹீட்டருக்குள் 30 பாகைத் தண்ணீர், குளோரின் ஏற்கெனவே போன தண்ணீர், அடியில் மாதக்கணக்கான படிவு. எட்டுப் பேர் குளிக்கும் அறையில் ஐம்பது லீட்டர் ஒரு நாளைக்குள் பலமுறை மாறிவிடும், ஆகவே அங்கே பயம் குறைவு. விருந்தினர் வந்தால் மட்டும் திறக்கும் குளியலறையில் அதே ஹீட்டர் வாரக்கணக்கில் அசையாமல் நிற்கும். இந்த வழக்கத்தைக் கைவிடச் சொல்லவேண்டியதில்லை. கொப்புளம் போடும் தண்ணீரில் குழந்தையைக் குளிப்பாட்ட முடியாது. வாரம் ஒரு தடவை இரவில் ஹீட்டரைப் போட்டு, 60 பாகையில் ஒரு மணி நேரம் வைத்து, அந்தச் சூட்டுநீரைக் குழாய்வழியே சில நிமிடம் வாளிக்குள் ஓடவிட்டு நிறுத்தினால் போதும். அந்த நேரம் பிள்ளைகளைக் குளியலறைப் பக்கம் விடக்கூடாது.

இரண்டாவது உயிர் அரிதானது, ஆனால் கொடியது. அது நெக்லேரியா ஃபௌலரி என்ற அமீபா. பெயரில் உள்ள ஃபௌலர் அவுஸ்திரேலியாவின் அடிலெய்டில் பணியாற்றிய மருத்துவர். 1965இல் அவரும் ஒரு சக மருத்துவரும் இந்த நோயை முதலில் விவரித்தார்கள். அவர்கள் கண்ட இடத்தைக் கவனிக்க வேண்டும். தென் அவுஸ்திரேலியாவின் வறண்ட ஊர்களுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தரைக்கு மேலே இரும்புக் குழாயில் தண்ணீர் போனது. வெயிலில் குழாய் காய்ந்தது, தண்ணீர் சூடேறியது, வழியில் குளோரின் தீர்ந்தது. அந்தத் தண்ணீர் மூக்கில் ஏறிய பிள்ளைகள் மூளைக் காய்ச்சலில் இறந்தார்கள். பிறகு குழாயின் நெடுகிலும் குளோரின் குறையாமல் பார்த்துக்கொண்டதால் நோய் அடங்கியது. நம் மாடித் தாங்கியும் அந்த இரும்புக் குழாயின் சிறிய வடிவம்தான்.

இந்த அமீபா வயிற்றுக்குள் போனால் ஒன்றும் செய்யாது. மூக்கின் மேற்பகுதிக்கு ஏறினால் மட்டுமே மூளைக்குப் போகும். கராச்சியில் 2008க்குப் பிறகு இறந்தவர்களில் பலர் எங்கும் நீந்தப் போகாதவர்கள். வீட்டுத் தண்ணீரில் வுழு செய்யும்போது மூக்குக்குத் தண்ணீர் செலுத்தியதையே அங்குள்ள மருத்துவர்கள் சந்தேகித்தார்கள். கேரளத்தில் 2024இலும் 2025இலும் அமீபா மூளைக் காய்ச்சல் நோயாளர் தொடர்ந்து வந்ததால், கிணறுகளையும் வீட்டுத் தாங்கிகளையும் குளோரின் இட்டுச் சுத்தம் செய்யும் வேலையை அரசே எடுத்தது. நாளுக்கு ஐந்து முறை வுழு செய்யும் ஊருக்கு இது நேரடியாகப் பொருந்தும் செய்தி. வுழுவை மாற்றத் தேவையில்லை, தண்ணீரைக் கவனித்தால் போதும். தாங்கியில் எஞ்சிய குளோரின் 0.5 அளவில் இருந்தால் இந்த அமீபா நிலைக்காது. தாங்கியின் நிலை சந்தேகமாக இருக்கும் நாளில் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை ஒரு கெத்தலில் வைத்து, மூக்குக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம். வேகமாக உறிஞ்சி மேலே இழுக்காமல் இருப்பதும் பாதுகாப்பு.

மிகவும் கவனிக்க வேண்டிய நாள் எது என்று கேட்டால், லீவு முடிந்து திரும்பும் நாள். பாடசாலை விடுமுறைக்கு ஒரு குடும்பம் ஜூலையில் ஊருக்கு வருகிறது. கிண்ணியாவில் ஐந்து வாரம். டோஹா வீட்டு மாடியில் ஆயிரம் லீட்டர் தண்ணீர் அந்த ஐந்து வாரமும் அசையாமல் வெந்துகொண்டிருக்கிறது. இரவு விமானத்தில் வந்து இறங்கிய களைப்பில் எல்லோரும் முதலில் செய்வது ஷவரைத் திறப்பது. அதுதான் செய்யக்கூடாத முதல் காரியம்.

செய்ய வேண்டிய வரிசை எளிது. சன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். ஷவர் தலையைக் கழற்றி ஒரு வாளி வினாகிரித் தண்ணீரில் போட வேண்டும். எல்லாக் குழாய்களையும் தெறிக்காமல் மெதுவாகத் திறந்து, நின்ற தண்ணீரைப் போகவிட வேண்டும். ஹீட்டரை 60க்கு ஏற்ற வேண்டும். குடிக்கவும் மூக்குக்கும் அன்றிரவு போத்தல் தண்ணீர். மறுநாள் காலை, வெயில் ஏறுமுன் மாடித் தாங்கியின் அடிவால்வைத் திறந்து முழுவதையும் வெளியேற்ற வேண்டும். கடைசி வாளித் தண்ணீரை வெள்ளைக் கோப்பையில் பிடித்துப் பார்த்தால் உள்ளே நடந்தது தெரியும். மெல்லிய மணல் இருந்தால் மூடி சரியாக இல்லை, காற்றோடு தூசி வந்திருக்கிறது. பச்சை நிறம் இருந்தால் தாங்கிச் சுவர் வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. செம்மண் நிறம் இருந்தால் பழைய இரும்புப் பாகம் ஏதோ அரிக்கப்படுகிறது. சுவரைத் தடவிய விரல் வழுக்கினால் நுண்ணுயிர்ப் படலம் பிடித்திருக்கிறது. குளோரின் முதலில் செலவாவது அந்தப் படலத்தில்தான்.

பிறகு உரசிக் கழுவ வேண்டும். வாசனைச் சவர்க்காரம் வேண்டாம், தூரிகையும் தண்ணீரும் போதும். தாங்கிக்குள் ஆள் இறங்கினால் வெளியே இன்னொருவர் நிற்கவேண்டும். மூடிய தாங்கிக்குள் குளோரின் வாடை மயக்கும். கழுவி நிரப்பியபின், ஐந்து சதவீத வெளுப்புத் திரவம் ஆயிரம் லீட்டருக்கு ஒரு லீட்டர். இது லீட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் ஆகும். வாடை வரும்வரை ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடி, சில மணி நேரம், முடிந்தால் ஒரு இரவு விட்டு, முழுவதையும் கழிவுக்கு விட வேண்டும். செடிக்கு விடக்கூடாது. புதிதாக நிரப்பியது குடும்பத்துக்கு. அன்றாடக் காவலுக்காக ஆயிரம் லீட்டருக்கு அதே திரவம் 20 மில்லிலீட்டர், அதாவது ஒரு மில்லிகிராம் அளவு, போதும். இதில் ஒரு பொறி இருக்கிறது. வெளுப்புத் திரவமும் சூட்டில் வீரியம் இழக்கும். மாடிப்படிக்குக் கீழே ஆறு மாதம் கிடந்த போத்தலை நம்பிக் கணக்குப் போட்டால் கணக்கு பொய்யாகும். வாசனை சேர்த்த வகையும் தண்ணீருக்கு ஆகாது.

மூக்கால் முகர்ந்து குளோரின் அளவைச் சொல்ல முடியாது. நீச்சல் தடாகத்துக்கு விற்கும் சோதனைப் பெட்டி மலிவு. ஒரு குழாயில் தண்ணீர் எடுத்து மாத்திரையைப் போட்டால், குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாகும், இல்லையென்றால் நிறமற்றே நிற்கும். மாலை நான்கு மணிக்குச் சமையலறைக் குழாயில் ஒருமுறை சோதித்தால், காலையில் தெருக்குழாயில் சோதித்ததோடு ஒப்பிட்டுத் தாங்கி எவ்வளவு தின்கிறது என்று அறியலாம்.

வடிகட்டி வைத்தால் எல்லாம் தீர்ந்தது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கரி வடிகட்டியும் சவ்வு வடிகட்டியும் குளோரினையும் சேர்த்தே எடுத்துவிடுகின்றன. சமையலறையில் குடிக்கும் குழாய்க்கு மட்டும் வைத்தால் சரி. தெருக்குழாய் நுழையும் இடத்தில் வைத்தால், காவலை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டுத் தண்ணீரை மாடிக்கு ஏற்றுகிறோம். சவ்வு வடிகட்டியின் அடியிலுள்ள சிறு தொட்டியில் நாள்கணக்கில் நிற்கும் தண்ணீருக்கும் இதே கதிதான். கார்ட்ரிஜை உரிய நாளில் மாற்றாத வடிகட்டி நுண்ணுயிர்க்குக் கூடாகிவிடும்.

தாங்கியின் சூட்டைக் குறைப்பதே மூல மருந்து. பல்லடுக்குச் சுவருள்ள தாங்கி, நடுவில் நுரை வைத்தது என்றால் நல்லது. வெளிப்புறம் வெள்ளை, உட்புறம் ஒளிபுகாத கறுப்பு அடுக்கு. ஒளி புகாவிட்டால் பாசி இல்லை, வெள்ளை என்றால் வெயில் திரும்பிப் போகும். குழாய்களுக்குக் காப்பு உறை போட்டால் முதல் இரண்டு லீட்டர் கையைச் சுடாது. இவற்றோடு அளவும் முக்கியம். ஆறு பேர் நாளுக்கு 900 லீட்டர் செலவழிக்கும் வீட்டில் 4,000 லீட்டர் தாங்கி வைத்தால் தண்ணீர் நான்கைந்து நாள் மாடியில் நிற்கிறது. நிலத்தடித் தாங்கியைப் பெரிதாகவும் மாடித் தாங்கியை ஒரு நாள் தேவைக்கு ஏற்றபடியும் வைப்பதே புத்தி.

கிண்ணியாவுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் புகுந்து கிணறுகள் உவர்த்தபோது, பவுசர் தண்ணீரும் கறுப்புப் பிளாஸ்டிக் தாங்கிகளும்தான் ஊரைக் காத்தன. அன்று குளோரின் வாடையைச் சகிக்க முடியாமல் முகம் சுளித்தவர்கள் உண்டு. 2017 மார்ச்சில் டெங்கு ஊரை உலுக்கியபோது பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் எட்டிப்பார்த்த இடங்களில் மூடாத தாங்கிகளும் இருந்தன. மூடி ஒரு விரல் அளவு திறந்திருந்தால் நுளம்புக்குப் போதும். இன்று குழாய்த் தண்ணீர் வரும் வீடுகளிலும் மாடியில் 500 லீட்டர் கறுப்புத் தாங்கி நிற்கிறது. வளைகுடாவில் உழைத்த காசில் கட்டிய வீடுகளில் அது இரண்டாகவும் மூன்றாகவும் நிற்கிறது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று சுடச்சுட வீசும்போது அதன் தண்ணீரும் டோஹாவின் பாதிச் சூட்டையாவது எட்டிப் பிடிக்கிறது.

ஒரு வேறுபாடு உண்டு. இங்கே கிடுகு கிடைக்கும். தாங்கியின் நான்கு பக்கமும் கம்பு நட்டு, மேலே ஒரு முழம் இடைவெளி விட்டுக் கிடுகு வேய்ந்தால், இடையில் காற்று ஓடும், வெயில் தாங்கியைத் தொடாது. கிடுகைத் தாங்கியின் மேலேயே படுக்கவைத்தால் அந்தக் காற்று நின்றுவிடும். கச்சான் மாதத்தில் ஒரு மாலை, வேய்ந்த வீட்டுக் குழாயிலும் வேயாத வீட்டுக் குழாயிலும் ஒரே வெப்பமானியைப் பிடித்துப் பார்க்கலாம். வெப்பமானி இல்லாத வீட்டில், முதல் குவளையைக் கொட்டிவிட்டு இரண்டாவது குவளையில் விரலை வைத்தாலே தெரிந்துவிடும்.